எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் யாருடைய பொறுப்பு?

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு, புதுச்சேரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

லாஸ்பேட்டையில் குடியிருக்கும் ஒரு சாதாரண நுகர்வோன் நான். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்த பிறகே பணப்பையை எடுக்க வேண்டும் என்று பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறை. தங்கள் அமைவனத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான், எங்கள் ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பற்றித் தங்களிடம் முறையிட வருகிறேன்.

முதலில், எங்களுக்குத் தரப்பட்ட உறுதிமொழியை நினைவூட்ட அனுமதியுங்கள். ஒயருக்கு ஐ.எஸ். 694, சுவிட்சுக்கு ஐ.எஸ். 3854 என்ற தரங்களை 2003ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணை கட்டாயமாக்கியது. ப்ளக், சாக்கெட்டுக்கான ஐ.எஸ். 1293-ஐ 2016ஆம் ஆண்டின் ஆணை கட்டாயமாக்கியது. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை இந்த மூன்றும்தான். ஆகவே கடையில் தொங்கும் பாக்ஸ் ஒவ்வொன்றும் தங்கள் பார்வையைக் கடந்து வந்திருக்கிறது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு நகரத்தின் ஒரு கடையில் நான்கு சாக்கெட்டும் ஒரே ஒரு சுவிட்சும் கொண்ட பாக்ஸ் ஒன்று வாங்கினேன். அட்டையின் முன்பக்கம் பெரிய மஞ்சள் எழுத்தில் '2500 வாட், ஹெவி டியூட்டி, சர்ஜ் பாதுகாப்பு' என்று இருந்தது. ஒரு மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை. வீட்டுக்கு வந்து ப்ளக்கைத் திருப்பிப் பார்த்தேன். சின்ன மூன்று பின். அதன் முதுகில், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே தெரியும்படி, அதே பிளாஸ்டிக் நிறத்தில் '6 ஆ.' என்று அச்சு. ஒயரின் மேலுறையில் 0.75 சதுர மில்லிமீட்டர் என்றிருந்தது. ஃப்யூஸ் இல்லை, அதிகச் சுமை ஏறினால் துண்டித்துக்கொள்ளும் ரீசெட் பொத்தானும் இல்லை.

6 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1380 வாட். அந்த ப்ளக் தாங்கக்கூடியது அவ்வளவுதான். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் தாங்குவதும் ஏறக்குறைய 6, 7 ஆம்பியர்தான். ஆனால் அட்டை 2500 வாட் என்கிறது. சாக்கெட் நான்கு இருப்பதால் நான்கு மடங்கு சுமை ஏற்றலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் நான்கு சாக்கெட்டின் மின்சாரமும் அந்த ஒரே ப்ளக், ஒரே ஒயர், ஒரே சுவிட்ச் வழியாகத்தான் வரவேண்டும். நான்கு இருந்தாலும் பத்து இருந்தாலும் மொத்தம் 6 ஆம்பியர்தான். இந்த ஒரு வரியை அச்சிட அட்டையில் இடமில்லாமல் போய்விட்டது.

ஐயா, இது புதுச்சேரி என்பதால் எங்களுக்கு இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. இங்கே பல குடும்பங்களில் ஒரு கிளை பிரான்சில் இருக்கிறது. விடுமுறைக்கு வருகிறவர்கள் அங்கிருந்து கெட்டில், இஸ்திரிப் பெட்டி, தலைமுடி உலர்த்தி என்று கொண்டுவருவார்கள். அங்கேயும் 230 வோல்ட்தான் என்பதால் சாமான் இங்கே ஓடும். ப்ளக்தான் வேறு. அதற்குத் தோதாக, எந்த நாட்டு ப்ளக்கும் நுழையும் 'யுனிவர்சல்' துளையோடு இந்த பாக்ஸ்கள் விற்கப்படுகின்றன. நான் வாங்கியதும் அந்த வகைதான்.

பாரிஸிலிருந்து வந்த என் அண்ணன் 2200 வாட் கெட்டில் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அது இழுப்பது சுமார் 9.6 ஆம்பியர். காலையில் அண்ணி அதே பாக்ஸில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் சொருகினார். அது இன்னொரு 4.3 ஆம்பியர். மொத்தம் 13.9 ஆம்பியர், 6 ஆம்பியர் ஒயரில். ஒயரில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். ஆகவே அது தாங்க வேண்டிய சூட்டைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். நான்காம் நாள் மீன் வாடை போல ஒரு நெடி வந்தது. கெட்டில் ப்ளக்கை உருவியபோது விரல் சுட்டது. துளையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பக்கம் குழைந்து உள்வாங்கியிருந்தது.

சுவரில் எம்.சி.பி. இருக்கிறதே, அது ஏன் விழவில்லை என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த வரிசைக்கு இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. சுமார் 18 ஆம்பியர் வரை அது விழக்கூடாது என்பதே அதன் விதி. சுவருக்குள் ஓடும் தடித்த ஒயரைக் காப்பதுதான் அதன் வேலை; தரையில் கிடக்கும் மெல்லிய ஒயர் அதன் கணக்கிலேயே வராது. அந்த மெல்லிய ஒயரைக் காக்க வேண்டிய ஃப்யூஸ் பாக்ஸுக்குள் இருந்திருக்க வேண்டும். அது இல்லை.

ஒயரைவிட மோசமாகச் சூடானது அந்தத் துளைதான். நம் நாட்டு 6 ஆம்பியர் ப்ளக்கின் மின்பின் ஏறக்குறைய 5.1 மில்லிமீட்டர் தடிமன். பிரெஞ்சு ப்ளக்கின் பின் 4.8 மில்லிமீட்டர். எல்லாப் பின்னும் நுழையட்டும் என்று துளையை அகலமாக்கினால், உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகள் எந்தப் பின்னையும் இறுகப் பிடிப்பதில்லை. அப்படித் தளர்ந்த இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே போதும், கெட்டிலின் 9.6 ஆம்பியர் ஓடும்போது 9 வாட்டுக்கு மேல் சூடு அந்த ஒரு புள்ளியில் பிறக்கும். ஓர் அறைக்கு வெளிச்சம் தரும் எல்.இ.டி. பல்பின் முழு வாட்டும் ஒரு பின் முனையில் அடைந்து கிடப்பதற்குச் சமம் அது. கடற்கரை ஊரின் உப்புக்காற்றில் பித்தளையில் களிம்பு பிடிக்கும்போது இந்தத் தடை மேலும் ஏறும்.

எர்த் விஷயம் இதைவிடக் கவலைக்குரியது. நம் ப்ளக்கில் எர்த், தடித்து நீண்ட மூன்றாவது பின்னாக ப்ளக்கிலேயே இருக்கிறது. பிரான்சில் எர்த் பின் சாக்கெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும்; ப்ளக்கில் அதை ஏற்கும் துளைதான் உண்டு. யுனிவர்சல் துளையில் அப்படி எதுவும் நீட்டிக்கொண்டிருப்பதில்லை. ஆக, பிரெஞ்சு கெட்டிலை அதில் சொருகினால் கெட்டில் கொதிக்கும், பாக்ஸில் சிவப்பு விளக்கும் எரியும்; எர்த் மட்டும் எங்கும் சேர்ந்திருக்காது. அந்த விளக்கு மின்சாரம் வருகிறது என்பதைத்தான் சொல்லும், எர்த் இருக்கிறது என்பதை அல்ல. உலோக உடம்புள்ள ஒரு சாமானில் மின்கசிவு ஏற்பட்டால் அடுத்துத் தொடுகிறவர் உடம்பே எர்த் ஆகும்.

'சர்ஜ் பாதுகாப்பு' என்ற சொல்லுக்கும் அட்டையில் ஒரு விளக்கமும் இல்லை. இவற்றில் அந்த வேலையைச் செய்வது வேரிஸ்டர் என்ற சிறு வில்லை. மின்னல் போன்ற காரணங்களால் ஒரு நொடியின் மிகச்சிறு துளிக்கு எகிறும் மின்னழுத்தத்தை அது தன் வழியாகக் கடத்திவிடும். எத்தனை ஜூல் தாங்கும், எந்த வோல்ட்டில் வேலை செய்யும் என்ற இரண்டும் தெரிந்தால்தான் அதன் தரம் தெரியும். ஒவ்வோர் அடியிலும் அது தேயும்; தேய்ந்ததைக் காட்ட ஒரு விளக்கு வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் எங்கள் அருகே கரையைக் கடந்தது. இப்படிப்பட்ட புயலில் நியூட்ரல் ஒயர் அறுந்தால் வீட்டுக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் நீடித்து வரக்கூடும். அதை இந்த வில்லையால் தடுக்க முடியாது, அதுவே கருகிவிடும். 'சர்ஜ் பாதுகாப்பு' என்று வாசித்து வாங்கியவர் அதையும் சேர்த்துத்தான் நம்பியிருப்பார்.

இப்போது தங்கள் முத்திரைக்கு வருகிறேன். கெட்டுப்போன பாக்ஸின் அட்டையை எடுத்து முத்திரையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். மேலே ஐ.எஸ். 694 என்றிருந்தது. கீழே இருந்த சி.எம்./எல். உரிம எண்ணைத் தங்கள் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டேன். உரிமம் உண்மையானது, நடப்பில் இருப்பது. ஆனால் அது ஒயருக்குத் தரப்பட்ட உரிமம். சாக்கெட்டுக்குரிய 1293 என்ற எண் அட்டையிலும் இல்லை, பாக்ஸிலும் இல்லை. முத்திரையைப் பொறுத்தவரை பொய் என்று எதையும் சுட்டமுடியாத அந்த அட்டை, இரண்டு மீட்டர் ஒயருக்குக் கிடைத்த நற்சான்றை முழுப் பொருளுக்கும் போர்த்தி விற்றிருக்கிறது. செயலியைத் தந்ததற்கு நன்றி. ஆனால் வரிசையில் நின்று பாக்ஸ் வாங்கும் ஒரு தாய், 694 எதற்கு, 1293 எதற்கு என்று தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும் என்று தாங்கள் எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

முத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவோர்க்கு இரண்டாண்டு வரை சிறையோ, முதல் முறைக்கே இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்க 2016ஆம் ஆண்டின் தங்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் இணைய வணிகக் கிடங்குகளில் தங்கள் அதிகாரிகள் சோதனை நடத்தி, சான்றில்லாத பொருள்களைப் பறிமுதல் செய்ததை நாங்கள் வரவேற்றோம். அந்தக் கண்டிப்பு புதுச்சேரியின் நேரு வீதிக்கும், காந்தி வீதியில் ஞாயிறுதோறும் பரப்பப்படும் கடைகளுக்கும் வரவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கூடவே நான்கு திருத்தங்களைக் கோருகிறேன். பாக்ஸின் மேல்பக்கத்திலேயே, மற்ற எழுத்துகளுக்குக் குறையாத அளவில், எல்லாச் சாக்கெட்டுக்கும் சேர்த்து எத்தனை ஆம்பியர், எத்தனை வாட் என்று தமிழிலும் அச்சிடச் செய்யுங்கள்; ப்ளக் தாங்காத வாட்டை அட்டையில் போடத் தடை விதியுங்கள். முத்திரை எந்த உறுப்புக்கு உரியதோ அந்த உறுப்பின் மேல் மட்டும் இருக்கட்டும்; அட்டையில் போட்டால் 'ஒயருக்கு மட்டும்' என்று சேர்க்கட்டும். ஃப்யூஸோ ரீசெட் பொத்தானோ இல்லாத பாக்ஸ் விற்பனைக்கு வரக்கூடாது. யுனிவர்சல் துளை உள்ளவற்றில், வெளிநாட்டு ப்ளக்குக்கு எர்த் கிடைக்காது என்ற எச்சரிக்கை கட்டாயமாகட்டும்.

அதுவரை, இந்த மடலை வாசிக்கும் என் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைக்கே உங்கள் வீட்டு பாக்ஸின் ப்ளக்கைத் திருப்பிப் பாருங்கள். 6 என்றிருந்தால் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, இண்டக்‌ஷன் அடுப்பு, ஹீட்டர் எதையும் அதில் சேர்த்துப் போடாதீர்கள். 1380 வாட்டைத் தாண்டும் சாமானைத் தனியாகவும் போடாதீர்கள், சுவரில் உள்ள 16 ஆம்பியர் பவர் ப்ளக்கில் நேரே சொருகுங்கள். பிரான்சிலிருந்து வந்த சாமானுக்கு, எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த் சேர்த்து நம் நாட்டு 16 ஆம்பியர் ப்ளக் மாட்டிக்கொள்ளுங்கள். துளை பழுப்பேறியிருந்தாலோ, ப்ளக் ஆடினாலோ, நெடி வந்தாலோ அந்த பாக்ஸை இன்றே தூக்கிப் போடுங்கள்.

ஐயா, கருகிய பாக்ஸும் அதன் அட்டையும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. தரமணியில் உள்ள தங்கள் சென்னைக் கிளை எப்போது கேட்டாலும் நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். பதிலை எதிர்பார்க்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு நுகர்வோன்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி