வெக்கையும் வெட்கமும்

ஜெர்மனிக்குக் கிளம்பும் நர்சுகளுக்கு நம் ஊரில் இலவசமாகக் கிடைப்பது பழமொழி. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியப்பா "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பார். பக்கத்து வீட்டு ஆச்சி "எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்பார். இரண்டும் சரிதான். வார்டில் எல்லோரும் சிரித்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று மட்டும் இரண்டும் சொல்லாது.

ராஜபாளையத்துப் பெண் ஒருத்தி, எனக்கு மகள் முறை. பி1 முடித்துப் போனவள். கோடையில் போனில் சொன்னாள்: "சித்தப்பா, வெக்கையா இருக்குன்னுதான் சொன்னேன். ஒரு மாதிரி சிரிக்கிறாங்க."

அவள் சொன்னது 'இஷ் பின் ஹைஸ்'. 'ஐ ஆம் ஹாட்' என்ற இங்கிலீஷை அப்படியே மாற்றியிருக்கிறாள். ஜெர்மானியர் காதில் அது காமத்தைச் சொல்லும். சொல்ல வேண்டியது 'மிர் இஸ்ட் ஹைஸ்'. மிர் என்றால் எனக்கு. 'எனக்கு வெக்கையா இருக்கு' என்கிற நம் வாக்கியம்தான். அவள் வீட்டில் பேசும் தெலுங்கிலும் இதே அமைப்பு. வீட்டு மொழியும் தெரு மொழியும் கைகொடுக்கத் தயாராக இருக்க, இவள் இங்கிலீஷைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். குளிருக்கும் இதே வழி: 'மிர் இஸ்ட் கால்ட்'. பசிக்கு இது செல்லாது. அங்கே 'என்னிடம் பசி இருக்கிறது' என்கிற மாதிரி 'இஷ் ஹாபெ ஹுங்கர்' என்பார்கள்.

சிரிப்பு அன்றோடு போய்விடும். எண்ணில் வரும் தப்பு அப்படியல்ல. 74 என்பதை ஜெர்மனில் 'நான்கும் எழுபதும்' என்ற வரிசையில் சொல்வார்கள். காதில் விழுந்த வரிசையில் எழுதினால் 47 ஆகிவிடும். நாடித்துடிப்பு என்றால் மறுபடி பார்த்துக்கொள்ளலாம். மருந்தின் அளவு என்றால்? இங்கே உதவுவது ஜப்பானியர் பழமொழி: கேட்டால் ஒரு நொடி வெட்கம், கேட்காவிட்டால் ஆயுளுக்கும் வெட்கம். மருத்துவர் எண் சொன்னதும் அதை ஒவ்வொரு இலக்கமாக, 'ஸீபன், ஃபியர்?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். 'சரியா?' என்று மட்டும் கேட்டால் போதாது. தப்பாக எழுதியிருந்தாலும் 'சரி' என்றுதான் பதில் வரும்.

ஜெர்மானியரிடமும் ஒரு பழமொழி உண்டு: எந்த மேஸ்திரியும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. பிறக்கும்போதே யாருக்கும் தொழில் வராது என்று பொருள். நம் 'ஆனைக்கும் அடி சறுக்கும்' ஏற்கெனவே ஆனையாகிவிட்டவர்களுக்கு. புதிதாக வந்தவளுக்கு மேஸ்திரி பழமொழிதான் பொருத்தம்.

இப்போது பி2-வில் நிற்கிறாள். கெதே நிறுவனத்தின் அந்தத் தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். ஒன்றில் தவறினால் அதை மட்டும் மறுபடி எழுதலாம். அவளுக்கு மூன்று தேறிவிட்டது, கேட்டல் நிற்கிறது. இலக்கணப் புத்தகத்தை மூடச் சொல்லியிருக்கிறேன். வார்டில் ஷிப்ட் மாறும்போது ஒருவர் அடுத்தவருக்கு நோயாளிகளைப் பற்றிச் சொல்வதை நின்று கேட்டு, புரியாத இடத்தில் நிறுத்தி, 'இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். "கோபப்பட மாட்டாங்களா சித்தப்பா?" என்றாள். சிலர் படுவார்கள் என்றேன்.