பழைய போட்டோ மஞ்சளாகப் பிறக்கவில்லை

'எழுபதுகளின் ஃபீல் வேண்டும். ஃபிலிம் கிரெய்ன், ஃபேடட் கலர், மேட் ஃபினிஷ்.' காபித்தூளோ கல்யாணப் பட்டோ, பழமையைச் சொல்லி விற்க நினைக்கும் எந்த விளம்பரத்துக்கும் டிசைனர் கைக்கு வருவது இந்த மூன்று சொற்கள்தான். படம் முழுக்க மஞ்சளைப் பூசி, புள்ளியைத் தூவி, கறுப்பைச் சாம்பலாக்கிவிட்டால் அது பழைய போட்டோ என்று ஊரே நம்புகிறது. அந்த நம்பிக்கை தவறு. ஒரு காலத்தின் நிறத்தையும், அந்தப் படம் பின்னாளில் கெட்டுப்போன விதத்தையும் அது ஒன்றாகக் குழப்புகிறது.

எழுபதுகளின் படம் கழுவி வந்த அன்று பளிச்சென்றுதான் இருந்தது. அந்தக் காலத்துக் கோடாக்ரோம் ஸ்லைடுகளை இருட்டில் பத்திரப்படுத்தியவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கலாம். சிவப்பு சிவப்பாகவே நிற்கும். அதன் வேகம் 25, 64 என்று குறைவு. அதனால் கிரெய்னும் நுணுக்கம். விளம்பரப் படங்களுக்கோ பெரும்பாலும் 35 மி.மீ. ஃபிலிமைவிடப் பெரிய ஃபிலிமைத்தான் பயன்படுத்தினார்கள். படம் பெரிதாக இருந்தால் பெருக்க வேண்டிய அளவு குறையும், கிரெய்ன் கண்ணுக்கே தெரியாது. அந்தக் காலத்து வார இதழ் விளம்பரத்தில் நாம் பார்த்த சொரசொரப்பு அச்சகத்தின் ஸ்கிரீன் புள்ளி, மட்டமான தாள், ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராத நான்கு வண்ணங்கள். இதில் ஃபிலிம் கிரெய்னுக்குப் பங்கே இல்லை.

நிறம் மங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கலர் பிரிண்டில் சயான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயங்கள். அந்தக் காலத்துத் தாள்களில் ஆல்பத்துக்குள் இருட்டில் கிடந்தாலும் முதலில் கரைவது பெரும்பாலும் சயான். சிவப்பு ஒளியைத் தடுப்பது அதுதான். அது போனதும் கறுப்புப் பகுதிகள் செம்மை தட்டும். வெள்ளைப் பகுதியில் கரைய அதிகச் சாயம் இல்லை. அங்கே லேசான மஞ்சள் கறை மட்டும் படியும். பழைய சினிமா பிரிண்டுகள் இளஞ்சிவப்பாகிப் போனதும் இதே கதைதான். 1980இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்குநர்களைத் திரட்டி, நிறம் நிலைக்கும் ஃபிலிம் வேண்டும் என்று குரல் கொடுத்தது இந்த அழிவைப் பார்த்துத்தான். சுவரில் மாட்டி வெளிச்சம் பட்டு வெளிறும் படத்தின் கணக்கு வேறு.

ஓர் அரக்குப் பட்டுப் புடவை விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். மேலே மஞ்சள் லேயர் போட்டதும் அரக்கு செங்கல் நிறமாகிறது, ஜரிகை துணியோடு கலந்துவிடுகிறது, பெண்ணின் முகம் காமாலை கண்டது போலாகிறது. விற்க வந்த பொருளின் நிறமே போய்விட்டது. பழைய ஆல்பத்தின் சாயல்தான் வேண்டுமென்றால் கர்வ்ஸில் சிவப்புச் சேனலின் கீழ் முனையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். நீலச் சேனலின் மேல் முனையைத் துளி இறக்குங்கள். புடவையை மாஸ்க் செய்து இரண்டிலிருந்தும் காப்பாற்றுங்கள். கிரெய்னைக் கடைசியில், படம் வெளியாகும் அளவுக்குக் கொண்டுவந்தபின், 50 சதவீதச் சாம்பல் லேயரில் நிறமில்லாமல் போட்டு 'ஓவர்லே'யில் வையுங்கள். அப்போது அது நடுத்தர நிழல்களில் தெரிந்து, சுத்த வெள்ளையிலும் சுத்தக் கறுப்பிலும் அடங்கும். எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தெரிந்தால் அது ஃபிலிம் இல்லை என்று கண் உடனே கண்டுபிடித்துவிடும். வாட்ஸ்அப்பில் மட்டும் போகிற படத்துக்குக் கிரெய்னே வேண்டாம். வாட்ஸ்அப் கோப்பைச் சுருக்கும்போது புள்ளிகள் குழைந்து அழுக்காகிவிடும்.

மேட் என்ற சொல்தான் அதிகக் கெடுதல் செய்கிறது. மேட் என்பது தாளின் மேற்பரப்பு. பளபளப்புத் தாளில் கிடைக்கும் ஆழ்ந்த கறுப்பு அதில் கிடைக்காது, அவ்வளவுதான். திரையில் அதைப் போலச் செய்ய கறுப்பை 0இலிருந்து 30 வரை தூக்குகிறார்கள். பிறகு அதே கோப்பை மேட் தாளிலோ செய்தித்தாளிலோ அச்சடிக்கிறார்கள். தாள் தன் பங்குக்குக் கறுப்பை இன்னொரு முறை குறைக்க, அச்சாகி வருவது சாம்பல் பூத்த படம். கம்ப்யூட்டரில் அழகாக இருந்ததே என்று அச்சகத்தாரைத் திட்டுவதில் நியாயமில்லை.

பார்ப்பவருக்குச் சாயக் கணக்கா தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குத் தெரியாது; ஆனால் வீட்டு ஆல்பம் தெரியும். அம்மாவின் கல்யாணப் படம் எப்படிச் சிவந்திருக்கிறது என்பது ஐம்பது வயதுக்காரர் எவருக்கும் பழக்கம். ஒட்டவைத்த பழமையை அவர்கள் கண் ஏற்பதில்லை.

ஆகவே பிரீஃப் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'விண்டேஜ் லுக்' என்று எழுதாதீர்கள். எந்த ஆண்டு, ஆல்பப் பிரிண்டா ஸ்லைடா பத்திரிகைப் பக்கமா, அன்றைக்குப் புதிதாக இருந்த படமா இன்றைக்கு மங்கிப்போன படமா, எந்த நிறத்தை யாரும் தொடக் கூடாது, எந்தத் தாளில் அச்சாகும் என்று எழுதுங்கள். கூடவே ஓர் அசல் பழைய படத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.