மூன்று முட்டையும் ஐந்து முட்டையும்: வளரும் வயதின் கணக்கு

1989இல் தமிழ்நாட்டின் சத்துணவுத் தட்டில் முதன்முதலாக முட்டை வந்தபோது, அது இரு வாரங்களுக்கு ஒன்றாக இருந்தது. படிப்படியாக உயர்ந்து, 2010 முதல் பள்ளி நாள்களில் வாரம் ஐந்து முட்டைகள் என்றானது. ஆனால், அங்கன்வாடியில் இரண்டு வயதைக் கடந்த குழந்தைக்கு வாரம் மூன்று முட்டைகளே. ஒன்று முதல் இரண்டு வயதுவரை உள்ள குழந்தைக்கு அதைவிடவும் குறைவு. உடல் மிக வேகமாக வளரும் பருவத்தில் குறைவாகவும், வேகம் தணிந்த பின் கூடுதலாகவும் நாம் கொடுக்கிறோம். இந்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்க வேண்டியுள்ளது.

முட்டை என்றதும் புரதத்தையே நினைக்கிறோம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் முட்டையில் நிறைந்திருப்பதால், சோற்றோடு சேரும்போது அதன் பயன் கூடுகிறது. ஆயினும், ஏழை வீட்டுத் தட்டில் முட்டையின் பெரும் பங்களிப்பு வேறு. தாவர உணவில் இல்லாத பி12, மூளை வளர்ச்சிக்கு உதவும் கோலின், வைட்டமின் ஏ ஆகியவற்றின் பெரும்பகுதி மஞ்சள் கருவில் உள்ளது. மஞ்சளை நீக்கிவிட்டு வெள்ளையை மட்டும் குழந்தைக்கு ஊட்டினால் இவற்றை இழக்கிறோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் தென்னேரியில் ஒரு கூலித் தொழிலாளர் வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மகளுக்கு மூன்று வயது, அங்கன்வாடிக்குச் செல்கிறாள். மகனுக்கு எட்டு வயது, பள்ளிக்குச் செல்கிறான். இறைச்சியும் பாலும் அரிதாகவே வாங்க முடிகிற வீடு அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி மகளுக்கு நாளொன்றுக்கு 1.2 மைக்ரோகிராம் பி12 தேவை, வாரத்திற்கு 8.4. ஒரு முட்டையில் ஏறத்தாழ 0.5 மைக்ரோகிராம் இருக்கும். மூன்று முட்டைகள் அத்தேவையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. நாளுக்கு ஒன்றானால் ஐந்தில் இரண்டு பங்கைத் தாண்டுகிறது. உடல் சிறியதாக இருப்பதால், கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு முட்டையும் அண்ணனைவிடத் தங்கையின் தேவையில் பெரும் பங்கை நிரப்புகிறது.

அப்படியானால் எத்தனை முட்டை தேவை? ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரை இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றுள் ஒன்றை நாள்தோறும் தர வேண்டும் என 2023இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. நன்கு வேகவைத்து மசித்த முட்டை இதற்குப் போதும். ஒவ்வாமை இல்லாத குழந்தைக்கும் பள்ளிச் சிறுவருக்கும் நாளுக்கு ஒன்று என்பதே எளிய இலக்கு.

முட்டையை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. ஈக்வடாரில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதங்கள் நாளொரு முட்டை கொடுத்தபோது வளர்ச்சிக் குறைவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. முட்டை நின்று இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்த ஆதாயம் நிலைக்கவில்லை. குழந்தைகள் ஏற்கெனவே மீன் உண்டுவந்த மலாவியில் இத்தகைய முயற்சியால் உயரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மற்ற புலால் உணவு இல்லாத இடத்தில், தொடர்ந்து கொடுக்கும்போதே முட்டை பயன் தரும் என்று இவற்றிலிருந்து நாம் கொள்ளலாம். இரத்தசோகையை முட்டை தீர்த்துவிடாது. அதில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம் அளவே உண்டு. அதுவும் உடலில் குறைவாகவே சேரும். கீரையும் பருப்பும் நெல்லிக்காயும், இயன்றபோது இறைச்சியும் உடன் வேண்டும்.

முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. உண்ண மறுப்பது அக்குழந்தையின் உரிமை. ஆனால், ஏறத்தாழ ஒரு கிராம் புரதமே உள்ள, பி12 சிறிதும் இல்லாத பழம் முட்டைக்கு ஈடாகாது. பால் ஓரளவு ஈடாகும். மறுபுறம், சிலர் உண்பதில்லை என்பதற்காக எல்லாக் குழந்தைகளின் தட்டிலிருந்தும் முட்டையை விலக்குவது ஒரு சாதியின் உணவு ஒழுக்கத்தை அரசின் விதியாக்குவதாகும். 2015இல் மத்தியப் பிரதேச அரசு அங்கன்வாடிகளில் முட்டையை மறுத்தபோது நடந்தது அதுவே.

தலித் மற்றும் பழங்குடிக் குடியிருப்புகள் அனைத்திலும் விரைவில் அங்கன்வாடி அமைய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபர் 7 அன்று ஆணையிட்டது. மையம் ஊருக்குள் இருந்து, சேரிக் குழந்தை அங்குச் செல்லத் தயங்கினால், அவள் பங்கு முட்டை பதிவேட்டில் மட்டுமே இருக்கும். எனவே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வருகைப் பதிவேட்டையும் முட்டை இருப்புப் பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே நாளின் இரு எண்களையும் ஒப்பிடுங்கள். முழு முட்டையா, பாதியா என்று தாய்மாரிடம் விசாரியுங்கள். அந்தச் சான்றுகளோடு, அங்கன்வாடிக் குழந்தைகளுக்கும் நாளொரு முட்டை என்ற கோரிக்கையை அரசின் முன் வைப்போம்.