திரும்பி வந்த பணமும் திரும்பாத பணமும்

வட்டவடைப் பூண்டு மலையிறங்கிச் சேரும் சந்தைகளுள் தேனி மாவட்டத்து வடுகபட்டி முக்கியமானது. மூட்டை வண்டியேறிப் போனபின், விலைப்பணம் இந்நாட்களில் வங்கிக் கணக்கு வழியாகவே வருகிறது. இப்படி ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். கோவிலூரைச் சேர்ந்த விவசாயி ஒருவர் தம் பழைய கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்தைப் படமெடுத்து மண்டிக்காரருக்கு அனுப்புகிறார். மண்டிக்காரர் தம் வங்கிக்குச் சென்று நெஃப்ட் படிவத்தை நிரப்புகிறார். காசாளர் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டைத் தட்டியவுடனேயே, அக்குறியீடு செல்லாது என்று திரை மறுத்துவிடுகிறது. பணம் மண்டிக்காரரின் கணக்கை விட்டு நகரவேயில்லை. மலைமேல் இருப்பவரோ, பணம் அனுப்பப்பட்டுவிட்டது என்றே எண்ணிக் காத்திருக்கிறார்.

தவறு யாருடையது? புத்தகத்தில் அச்சாகியிருந்த குறியீடு SBTR என்று தொடங்குகிறது. அது ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூரின் அடையாளம். அவ்வங்கி 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்துவிட்டது. அதன் கிளைகளுக்கு SBIN என்று தொடங்கும் புதிய குறியீடுகள் தரப்பட்டன. கணக்கு எண் மாறவில்லை, கிளையும் பல ஊர்களில் அதே கட்டடத்தில் இருந்தது. ஆகவே புத்தகத்தை மாற்றவேண்டும் என்று பலருக்குத் தோன்றவில்லை. சிண்டிகேட் வங்கி வாடிக்கையாளர்க்கும் இதுவே நேர்ந்தது. 2020 ஏப்ரலில் அவ்வங்கி கனரா வங்கியுடன் இணைந்தது. SYNB குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாதவையாயின.

இந்த மறுப்பைக் கண்டு எரிச்சலடைபவர் பலர். அடுத்து அவர்கள் செய்வதுதான் நமக்குக் கவலை தருகிறது. ‘ஏதாவது ஒரு கிளையின் குறியீட்டைப் போடுங்கள், பணம் போய்விடும்’ என்று யாரோ சொல்ல, இணையத்தில் கண்ணிற்பட்ட முதற்குறியீட்டை இட்டு அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் பணம் போயும் விடுகிறது. ஒரே வங்கியின் கிளைகள் எல்லாம் மையக் கணினியில் இணைந்திருப்பதால், கிளை மாறினாலும் கணக்கு எண் சரியாயிருப்பின் பணம் உரியவரைச் சேர்ந்துவிடும். ஆனால் குறியீட்டைச் சரிசெய்யும் அவசரத்தில் கணக்கு எண்ணை மறுபடி படிக்க எவரும் நினைப்பதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஐ.எஃப்.எஸ்.சி. என்பது பதினோர் எழுத்துகளால் ஆனது. முதல் நான்கு வங்கியைக் குறிப்பன. ஐந்தாவது எப்போதும் பூச்சியம். எஞ்சிய ஆறும் கிளையைச் சுட்டுவன. அந்த ஐந்தாம் இடத்தில் பூச்சியத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தை இட்டால் உடனே மறுப்பு வரும். கையால் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டுகளில் இத்தவறு மிகுதி. கணினி இங்கே செய்யும் சோதனை எளியது: இட்ட குறியீடு பட்டியலில் இருக்கிறதா, இல்லையா? அதற்கு மேல் அது எதையும் அறியாது. கணக்கு எண் யாருடையது என்று குறியீட்டுச் சோதனை கேட்பதேயில்லை.

மேலே சொன்ன விவசாயியின் கணக்கு எண் 47 என்று முடிவதாகவும், மண்டிக்காரர் 74 என்று எழுதிவிட்டதாகவும் கொள்வோம். 74 என்று முடியும் கணக்கே இல்லையென்றால் பெறும் வங்கி பணத்தைத் திருப்பிவிடும். நெஃப்ட் விதிப்படி, பணத்தைச் சேர்க்க இயலாதபோது அது சேர்ந்த தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பவேண்டும். ஆனால் அந்த எண்ணில் வேறொருவர் கணக்கு வைத்திருந்தால், பணம் அவர் கணக்கில் ஏறிவிடும். படிவத்தில் விவசாயியின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருந்தாலும் அது தடுக்காது. மின்னணுப் பரிமாற்றங்களில் கணக்கு எண்ணை மட்டுமே கொண்டு வரவு வைக்கலாம் என்றும், விவரங்களைச் சரியாகத் தரும் பொறுப்பு அனுப்புநருடையது என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2010 அக்டோபரிலேயே சுற்றறிக்கை விடுத்துள்ளது. கணக்கு எண்ணை இருமுறை தட்டச்சிடச் சொல்வது இதனால்தான். ஆனால் சீட்டிலேயே தவறாக இருந்தால், அதே தவறு இருமுறை பதியும், அவ்வளவே.

வளைகுடா நாடுகளில் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு ஐபேன் எனும் சொல் பழக்கமானது. அந்த முறையில் கணக்கு எண்ணுக்குள்ளேயே ஒரு காவல் பொதிந்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் ஐபேன் 23 இடங்களைக் கொண்டது. அதன் வடிவத்தை விளக்க வழங்கப்படும் மாதிரி எண் ஒன்றைப் பாருங்கள்:

```
AE07 0331 2345 6789 0123 456
```

இதில் நாட்டெழுத்துகளை அடுத்துவரும் 07 என்பதே சோதனை இலக்கங்கள். கணினி முதல் நான்கு இடங்களையும் எடுத்துக் கடைசியில் சேர்க்கும். A-க்குப் 10, E-க்கு 14 என எழுத்துகளை எண்களாக்கும். வரும் நீண்ட எண்ணை 97 ஆல் வகுக்கும். மீதி 1 வந்தால் எண் ஏற்கப்படும். மேலே உள்ள எண்ணுக்கு மீதி 1 தான். கடைசி மூன்று இலக்கங்களை 456 என்பதற்குப் பதில் 465 என்று மாற்றி எழுதினால் மீதி 50 ஆகிவிடும். வங்கி அந்தக் கணமே மறுத்துவிடும். ஓரிலக்கத் தவறும், அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறும் தவறும் இந்தக் கணக்கில் தப்புவதில்லை. மண்டிக்காரர் செய்த 47, 74 குழப்பம் அங்கே பணம் புறப்படுமுன்பே பிடிபட்டிருக்கும். (எண் பிழையின்றி எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு மட்டுமே இது சான்று, கணக்கு உங்கள் உறவினருடையதுதான் என்பதற்கு இதுவும் சான்றன்று.)

இந்தியா ஐபேன் முறையில் சேரவில்லை. நம் வங்கிகளின் கணக்கு எண்கள் ஒன்றில் 11 இலக்கம், மற்றொன்றில் 14, இன்னொன்றில் 15 என வெவ்வேறு நீளம் உடையவை. எல்லா வங்கிக்கும் பொதுவான சோதனை இலக்கம் ஏதும் இல்லை. துபாயிலிருந்து இங்கே பணம் அனுப்பும் மகனிடம் படிவம் ஐபேன் கேட்டால், இந்தியக் கணக்குக்கு அது கிடையாது. கணக்கு எண்ணும், ஐ.எஃப்.எஸ்.சி.யும், வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடுமே தரவேண்டியவை. இல்லாத ஐபேனை இருப்பவற்றைக் கொண்டு ஒட்டி உருவாக்கித் தருவதால் மறுப்புதான் மிஞ்சும்.

எண்ணுக்குள் காவல் இல்லாத குறையை, பெயரைக் காட்டுவதன் மூலம் ஈடுசெய்ய ரிசர்வ் வங்கி முனைந்திருக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில், நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். வழி பணம் அனுப்புவோருக்குப் பெறுநரின் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தரவேண்டும் என்று வங்கிகளுக்கு அது அறிவுறுத்தியது. கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி.யையும் இட்டால், பெறும் வங்கியின் ஏட்டில் உள்ள பெயர் திரையில் தோன்றும். இதற்குக் கட்டணம் இல்லை. கைபேசியிலும் இணையத்திலும் மட்டுமன்றி, கிளைக்கு நேரில் வந்து பணம் அனுப்புவோருக்கும் இவ்வசதி உண்டு. கிளைக்கு வருவோர் பலர் இதை அறியாததால் கேட்பதில்லை. கேட்காதவருக்குக் காட்டப்படுவதும் அரிது. நெஃப்ட் படிவத்தை நீட்டும்போதே ‘பெயரைப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை என்றே நாம் கருதுகிறோம்.

தோன்றும் பெயரைப் படிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வட்டவடை போன்ற எல்லையோர ஊர்களில் ஒருவருக்கே இரண்டு மூன்று எழுத்துவடிவங்கள் உண்டு. தமிழில் வழங்கும் பெயர் மலையாளத்தில் எழுதப்பட்டு, பின் ஆங்கிலத்துக்குப் போகும். தந்தை பெயரின் முதலெழுத்து ஒரு சான்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் நிற்கும். ஆகவே எழுத்துக்கு எழுத்து ஒத்துவரவில்லை என்பதற்காக அஞ்சவேண்டியதில்லை. முற்றிலும் வேறு பெயர் தோன்றினால் நிறுத்திவிடவேண்டும். ஏதோ காரணத்தால் பெயரே தோன்றாவிட்டால், அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் முடிவுக்கே விடப்படுகிறது. அப்போது முதலில் ஒரு ரூபாயை மட்டும் அனுப்பி, அது வந்ததா என்று பெறுநரிடமே தொலைபேசியில் கேட்டபின் மீதியை அனுப்புவது நல்லது. ‘அனுப்பப்பட்டது’ என்று உங்கள் திரை சொல்வது போதாது. அவர் கணக்கில் ஏறியதாக அவர் சொல்லவேண்டும்.

விவரம் தருபவர் பக்கமும் ஒரு கடமை உண்டு. பழைய புத்தகத்தின் படத்தைவிட, அண்மையில் பெற்ற காசோலைத் தாளே நம்பத்தக்கது; ஐ.எஃப்.எஸ்.சி. அதில் அச்சாகியிருக்கும். காசோலையின் அடியில் உள்ள ஒன்பது இலக்க எண் எம்.ஐ.சி.ஆர். எனப்படுவது, அதை ஐ.எஃப்.எஸ்.சி. என்று கருதிவிடலாகாது. காசோலை இல்லாதோர் கிளையில் புத்தகத்தைப் புதுப்பித்துக்கொள்ளலாம். வட்டவடையிலிருந்து மூணாறு ஏறத்தாழ 45 கிலோமீட்டர், இடையே பாம்பாடும் சோலைக் காடு என்பதை நாம் மறக்கவில்லை. வேறு வேலையாகக் கிளைக்குச் செல்லும் நாளிலேயே இதையும் முடித்துக்கொள்ளலாம். ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலும் குறியீட்டுப் பட்டியல் இருக்கிறது. யாரோ நடத்தும் தேடல் தளங்களைவிட அதுவே நம்பத்தக்கது.

வங்கிகளிடம் நாம் வேண்டுவது ஒன்று. மறுக்கும்போது ‘விவரம் தவறு’ என்று மொட்டையாகச் சொல்லும் திரைகள் இன்னும் இருக்கின்றன. குறியீடு பட்டியலில் இல்லையா, ஐந்தாம் இடத்தில் பூச்சியம் இல்லையா, கணக்கு எண்ணின் நீளம் பொருந்தவில்லையா என்று தனித்தனியே சொல்வது கணினிக்குக் கடினமன்று. வங்கி இணைப்பால் காலாவதியான குறியீடு என்றால் அதையும் சொல்லிவிடலாம். அந்தச் செய்தி தமிழிலும் மலையாளத்திலும் வருமாயின், வடுகபட்டியில் நிற்கும் மண்டிக்காரர் கோவிலூருக்குத் தொலைபேசியில் அழைத்து, ‘உங்கள் புத்தகம் பழையது, புதிய குறியீட்டைக் கேட்டுச் சொல்லுங்கள்’ என்று அன்றே சொல்லிவிடுவார்.