ஐந்தாம் லயத்தை எங்கே தேடுவது?

பார்சல் கொண்டுவரும் இளைஞர் தேயிலை ஃபெக்டரி வாசலில் நின்றுகொண்டு போன் எடுக்கிறார். "அக்கா, தோட்டத்துக்கு வந்துட்டேன், வீடு எங்க?" இந்தப் பக்கம் நம் சகோதரி சொல்கிறார்: "பெரட்டுக் களத்துக்கு மேல வாங்க தம்பி, அஞ்சாம் லயம், யார்கிட்ட கேட்டாலும் சொல்லுவாங்க." யாரிடம் கேட்பது? காலை பத்து மணிக்கு எல்லோரும் மலையில். சிக்னலும் போய்விடுகிறது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு அவர் திரும்பிப் போகிறார். பொதி மீண்டும் டவுனுக்குப் போகிறது. பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்துக்கு இன்னொரு வாரம் காத்திருக்க வேண்டும்.

அந்த இளைஞர்மீது கோபப்படுவதில் நியாயமில்லை. அவர்களில் பலருக்குக் கையில் கொடுத்த பொதிக்குத்தான் காசு. திரும்பக் கொண்டுபோன பொதிக்குப் பெற்றோல் செலவுதான் மிச்சம். நிறுவைக்கு ஏறாத கொழுந்துக்குப் பெயர் விழாது என்பது நமக்குத் தெரிந்த கணக்குத்தானே.

கோளாறு எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்போம். டவுனில் வீட்டு இலக்கம் வீதியோடு சேர்ந்து நடக்கிறது. நகர சபை வரி அறவிடுவதற்காகக் கொடுத்த இலக்கம் அது. வழக்கமாக வீதியின் ஒரு பக்கம் ஒற்றை எண்கள், எதிர்ப்பக்கம் இரட்டை எண்கள். 41ஐக் கண்டவர் 47க்கு அதே பக்கத்தில் இன்னும் மூன்று வாசல் தாண்ட வேண்டும் என்று கேட்காமலே அறிவார். காணியைப் பிரித்துப் பின்னால் வீடு கட்டினால் 41/1, 41/2 என்று சாய்கோடு போடுவார்கள். சாய்கோட்டைக் கண்டதும், 41ஐக் கண்டுபிடித்து அதன் ஒழுங்கைக்குள் நுழைய வேண்டும் என்று புரிந்துவிடும். எண்ணே வழி காட்டுகிறது.

நம் லய இலக்கம் வழி காட்டுவதற்குப் போட்ட இலக்கமல்ல. அது தோட்டக் காரியாலயத்துப் புத்தகத்துக்காகப் போட்ட இலக்கம். கட்டிய வரிசையில் எண் விழுந்திருக்கும், நிற்கும் வரிசையில் இருக்காது. அதனால் மூன்றாம் லயத்துக்குப் பக்கத்தில் பதினோராம் லயம் நிற்கும். இடையில் ஒன்று எரிந்தோ மண்சரிவில் போயோ இருந்தால் அந்த எண்ணே இல்லாமல் போயிருக்கும். நான்காம் லயத்தைக் கண்ட வெளியாள் ஐந்தாம் லயம் அடுத்ததாக இருக்கும் என்று நினைத்து நடந்தால், எதிர் மலைக்குப் போய்விடுவார்.

லயத்தைக் கண்டுபிடித்த பிறகும் சிக்கல் முடிவதில்லை. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஆறு காம்பரா, பின்பக்கம் ஆறு. முன்பக்கத்தை ஒன்று முதல் ஆறு வரை எண்ணிவிட்டோம். பின்பக்கத்தை எப்படி எண்ணுவது? சுற்றிக்கொண்டு போனால் ஆறுக்குப் பின்னால் ஏழு வரும், ஒன்றுக்குப் பின்னால் பன்னிரண்டு வரும். ஆரம்பித்த முனைக்கே திரும்பி வந்து எண்ணினால் ஒன்றுக்குப் பின்னால் ஏழு வரும். ஒரே தோட்டத்தில் இரண்டு விதமாகவும் எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். மகன் கல்யாணம் முடித்துப் பக்கத்தில் தகரம் இறக்கிக் குடியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு எண்ணே கிடையாது, அப்பாவின் காம்பரா எண்தான். ஒரே பெயரில் இரண்டு இராமசாமி இருந்துவிட்டால் வங்கிக் கடிதம் யார் கைக்குப் போகும் என்பது அதிர்ஷ்டம்.

புதிய வீடமைப்புத் திட்டங்களில் வேறொரு வேடிக்கை. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு வந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் வரைபடத்தில் உள்ள துண்டு இலக்கம் ஒன்று, வாக்காளர் இடாப்பில் ஓர் எண், கதவில் வீட்டுக்காரர் தாமே எழுதியது மற்றொன்று என்று மூன்று எண்ணோடு நிற்கும் வீடுகள் உண்டு. மூன்றில் எதைச் சொன்னாலும் சரிதான், ஆனால் வருகிறவருக்குச் சுவரில் தெரிகிற எண் மட்டுமே பயன்படும்.

பெயரும் இப்படித்தான். பிரதான வீதியில் உள்ள பலகையில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் இருக்கிறது. நம் வாயில் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு, புதுக்காடு என்றுதான் வருகிறது. கூகுள் மெப்பில் தோட்டப் பெயரை அடித்தால் பெரும்பாலும் ஃபெக்டரியில் அல்லது காரியாலயத்தில் கொண்டுபோய் விடும். மூன்று டிவிசன் உள்ள தோட்டத்தில் அங்கிருந்து நம் வீடு நான்கு கிலோமீற்றர் தள்ளி இருக்கலாம். அந்த இளைஞர் ஃபெக்டரி வாசலில் நின்றதற்குக் காரணம் இதுதான்.

"லொகேஷன் அனுப்பினேனே" என்று பலர் சொல்கிறார்கள். அதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. தகரக் கூரைக்கு அடியில், பள்ளத்துக்குள் இருந்து அனுப்பினால் போன் தான் இருக்கும் இடத்தையே சரியாக அறியாது. வட்ஸ்அப்பில் Send your current location என்ற வரிக்குக் கீழே எத்தனை மீற்றர் வரை சரி என்று காட்டும். அது நூறு, இருநூறு என்று இருந்தால் வெளியே வந்து வானம் தெரிகிற இடத்தில் ஒரு நிமிடம் நின்று, எண் இருபதுக்குக் கீழே இறங்கிய பிறகு அனுப்புங்கள். Share live location வேண்டாம். அது குறித்த நேரத்தில் நின்றுவிடும், நீங்கள் கொழுந்து பறிக்கப் போனால் உங்கள் பின்னாலேயே மலைக்கும் வரும்.

இன்னொன்று, மெப் மேடு பள்ளத்தைக் கண்ணுக்குக் காட்டுவதில்லை. கீழ் ரோட்டுக்கும் மேல் லயத்துக்கும் படத்தில் முப்பது மீற்றர்தான். நடுவில் நிற்பது செங்குத்தான மண்மேடு, சுற்றி வர ஒன்றரைக் கிலோமீற்றர். ஆகவே வீட்டின் இடத்தை அனுப்புவதைவிட, மோட்டார் சைக்கிள் வந்து நிற்கக்கூடிய கடைசி இடத்தை அனுப்புவதே புத்தி. அங்கே போய் நின்று ஒரு தடவை அனுப்பி அதைச் சேமித்து வைத்தால் ஒவ்வொரு முறையும் அதையே அனுப்பலாம்.

கூகுள் மெப்பில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்தால் VJ6X+4Q Hatton என்ற வடிவில் ஒரு குறியீடு வரும். இதற்குப் பிளஸ் கோட் என்று பெயர். வீதிப் பெயர் இல்லாத இடங்களுக்காகவே செய்யப்பட்டது. ஒரு துண்டில் எழுதி வைக்கலாம், சிக்னல் விட்டு விட்டு வந்தாலும் போனில் வாசித்துக் காட்டலாம். இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் குறியீடு குறிப்பது ஏறத்தாழ 14 மீற்றருக்கு 14 மீற்றர் சதுரம். பன்னிரண்டு அடி அகலக் காம்பராக்கள் மூன்று நான்கு அதற்குள் அடங்கிவிடும். லயத்தைக் காட்டும், கதவைக் காட்டாது. கதவுக்குச் சுவரில் எண் வேண்டும்.

இனி, வாயால் வழி சொல்வது. நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து சொல்லத் தொடங்குவதுதான் நம் பழக்கம். வருகிறவருக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். பெரட்டுக் களமும் கொழுந்து மடுவமும் அவருக்குத் தெரியாது. கோயில் கோபுரம், பாடசாலைப் பலகை, பாலம், கிலோமீற்றர் கல் இவை கண்ணில் படும். "கொஞ்ச தூரம்" என்பது நடக்கிறவருக்கு ஒன்று, மோட்டார் சைக்கிளுக்கு வேறொன்று. எத்தனை கிலோமீற்றர் என்று ஆட்டோக்காரர் ஒருவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். இடமா வலமா என்பது அவர் வரும் திசைக்கு. தவறிப் போனால் எதைக் காண்பார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது மிகவும் முக்கியம், நாம் சொல்லவே மறந்துவிடுவதும் இதைத்தான்.

முன்னே சொன்ன சகோதரியின் செய்தியை இப்படித் திருத்தலாம்:

"டவுன் பஸ் தரிப்பிடத்திலிருந்து பிரதான வீதியில் 6 கிலோமீற்றர். தோட்டப் பெயர்ப்பலகையில் திரும்ப வேண்டாம், அது ஃபெக்டரிக்குப் போகும். அதைத் தாண்டி 800 மீற்றரில் இடது பக்கம் சிறிய மாரியம்மன் கோயில். கோயிலை ஒட்டி இடது பக்கம் ஏறும் கொங்கிறீட் பாதையில் 1 கிலோமீற்றர். நீலத் தண்ணீர்த் தாங்கியோடு பாதை முடியும், அங்கே நிறுத்துங்கள். வலது பக்கம் படி ஏறினால் முதல் லயம், பின்பக்கம், 9ஆம் கதவு. பாலத்தைக் கண்டால் தாண்டிவிட்டீர்கள். நான் வேலையில் இருப்பேன், 8ஆம் கதவில் அம்மா இருப்பார்."

இதில் ஐந்தாம் லயம் என்ற சொல்லே இல்லை என்பதைப் பாருங்கள். படி ஏறியதும் முதலில் நிற்கும் லயம் என்பதுதான் அவருக்கு வேண்டியது. இதைப் பிள்ளைகளைக் கொண்டு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒருமுறை எழுதிப் போனில் வைத்துக்கொண்டால், எந்த மொழிக்காரர் வந்தாலும் அனுப்பலாம்.

தனியாள் செய்யக்கூடியது இவ்வளவு. மிச்சம் தோட்டக் கமிட்டிகளின் வேலை. தோட்டங்களுக்குள் பிரதேச சபை வேலை செய்வதற்குத் தடையாக இருந்த 33ஆம் பிரிவு, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது, 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே பாதைக்குப் பெயர்ப்பலகையும் வீட்டுக்கு இலக்கமும் சபையிடம் எழுத்தில் கேட்கலாம், கேட்க வேண்டும். பெயர் வைக்கும்போது மட்டும் ஒரு வேண்டுகோள். தலைவர் பெயரா, எந்தச் சங்கத்துத் தலைவர் பெயரா என்று தொடங்கினால் பலகை வரவே வராது. சனம் ஏற்கெனவே என்ன பெயர் சொல்கிறதோ அதையே மூன்று மொழியிலும் எழுதச் சொல்லுங்கள்.

சபை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தோட்டத் தலைவர், மாதர் தலைவி, உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து லயம் லயமாகப் போகலாம். காரியாலயத்துப் பழைய லய இலக்கத்தை மாற்ற வேண்டாம், பிறப்புச் சான்றிதழ் முதல் சேமலாப நிதிக் கடிதம் வரை அதில்தான் இருக்கிறது. எண்ணும் முறையை மட்டும் தோட்டம் முழுவதற்கும் ஒன்றாக்குங்கள்: பாதைப் பக்க முனையில் தொடங்கி முன்பக்கம் முடித்து, சுற்றிக்கொண்டு பின்பக்கம். தகரம் இறக்கிய குடும்பத்துக்கு 7அ என்று ஓர் எழுத்துச் சேருங்கள். நடுவில் ஒரு காம்பரா வெறுமையாக இருந்தாலும் அதன் எண்ணை விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் எல்லாம் மாறும். பட்டியலில் ஒவ்வொரு பிரதி தோட்டக் காரியாலயத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் தபால் கந்தோருக்கும் போகட்டும்.

எண்ணைக் கதவில் எழுத வேண்டாம், கதவு பகலில் திறந்து உள்ளே மடங்கிக்கிடக்கும். நிலைக்கு வலது பக்கச் சுவரில், கண் மட்டத்தில், ஒரு சாண் உயரத்தில் எழுதுங்கள். லயத்தின் இரண்டு முனைச் சுவரிலும் லய இலக்கமும், அந்தப் பக்கத்தில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்பதும் வரட்டும். சுண்ணாம்பு ஒரு மாரிக்குக்கூடத் தாங்காது. எனாமல் பெயின்ற் வாங்குங்கள்.