டொட்டோரோவுக்கு அடுத்து எந்தப் படம்?

எனக்கு ஒன்பது வயது. 'மை நெய்பர் டொட்டோரோ'வைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். அதே ஜிப்லி ஸ்டூடியோவின் படம்தானே என்று அப்பா நூலகத்திலிருந்து இன்னொரு டிவிடி எடுத்து வந்தார். 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்'. தொடக்கத்திலேயே அண்ணன் ரயில் நிலையத்தில் செத்துப்போகிறான். பிறகு குண்டுவீச்சில் எரிந்துபோன அம்மா, பசியில் மெலிந்துகொண்டே போகும் நாலு வயதுத் தங்கை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் ஜிப்லி படம் எதையும் தொடவில்லை. அப்பாவைக் குறை சொல்ல முடியாது. 1988இல் ஜப்பானிலேயே இந்த இரண்டு படங்களையும் சேர்த்துத்தான் வெளியிட்டார்கள்!

இப்போது சித்தியின் மகனுக்குப் பதின்மூன்று வயது. "சின்னப் பிள்ளைப் படம் வேண்டாம் அக்கா" என்கிறான். அவனுக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது நான் வயது முத்திரையை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு படத்தில் ஒரு புதுப் பாரம் போதும் என்பது என் கணக்கு.

டொட்டோரோவில் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஆனால் கெட்டது எதுவும் நடப்பதில்லை. அதற்கு அடுத்து 'ஸ்பிரிட்டட் அவே'. அப்பா அம்மா பன்றிகளாகிவிடுகிறார்கள், பத்து வயதுச் சிஹிரோ தனியாகிறாள். பயம் நிஜமானது, ஆனாலும் முடிவில் அவர்கள் திரும்பக் கிடைக்கிறார்கள். ஹாக்குவை அவள் மறுபடி பார்ப்பாளா என்பதை மட்டும் படம் சொல்வதில்லை. "பார்த்தாலும் பார்ப்பாள்" என்று தம்பி சும்மா விட்டுவிட்டான். முடிச்சு அவிழாத கதையைத் தாங்குகிறான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு 'பிரின்சஸ் மொனொனோகே'. இதில் ரத்தம் இருக்கிறது. அம்பு பட்டுக் கை துண்டாகிப் பறக்கும் இடத்தில் தம்பி சத்தமாகச் சிரித்தான். அது பகிடிச் சிரிப்பில்லை, தோள் இறுகியிருந்தது. படத்தை நிறுத்தித் தேத்தண்ணி போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே "போடுங்கோ" என்றான். ஆனால் இந்தப் படத்தின் உண்மையான பாரம் ரத்தம் இல்லை, எபோஷிதான். காட்டை அழிக்கிறவள் அவள். யாரும் தொடாத நோயாளிகளுக்கு வேலையும் இடமும் கொடுக்கிறவளும் அவளே. "அப்ப ஆர் கெட்டவர்?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தான். அப்படிக் கேள்வி வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். பேசாமல் போனைத் தோண்டினால், அல்லது தூக்கம் கெட்டால், ஆறு மாதம் பொறுக்கலாம்.

"ஊரில் இந்த வயதுப் பிள்ளைகள் எல்லாத்தையும் நேரில பாத்ததுகள்" என்று மாமா சொல்வார். பார்த்தவர்கள்தான். என் அம்மா இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அடுத்தது 'கன்னத்தில் முத்தமிட்டால்'. அதிலும் குண்டு வெடிக்கிறது, ஆனால் பெற்ற தாயைத் தேடும் ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நாம் அந்த இடத்துக்குப் போகிறோம். சித்தியும் கூட இருந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். மின்மினிப் படத்தை இன்னும் எடுக்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று தம்பிக்குத் தெரியும். "நீங்கள் பாக்கேக்க என்னையும் கூப்பிடுங்கோ" என்றான்.