நா வழங்கும் ழகரம்



பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்திலிருந்து எழுபதைக் கடந்த அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவ்வூர்க் குன்றின்மேல் கையில் கரும்பேந்தி நிற்கும் தண்டாயுதபாணியின் சந்நிதியில் கார்த்திகைதோறும் நடைபெறும் பாராயணத்தை, பல ஆண்டுகளாக முன்னின்று சொல்லி வருபவர் அவர். அவர் ஓரடி சொல்ல, பிள்ளைகள் பின்தொடர்ந்து சொல்வது வழக்கம். அண்மையில் மேல்வரிசைப் பற்கள் முழுவதையும் எடுத்துவிட்டுப் பொய்ப்பல் தொகுதி பொருத்தியிருக்கிறார். அதன் பின்னர் ‘கழை’ என்று அவர் சொல்வது ‘களை’ என்றே கேட்கிறதாம். கழை என்றால் கரும்பு. களை என்றால் பயிருக்கிடையே முளைக்கும் வேண்டாத பூண்டு. “கழையேந்திய குமரன் என்று நான் சொல்ல, பிள்ளைகள் களையேந்திய குமரன் என்று கற்றுக்கொள்கிறார்கள். இனி வாய்மூடி இருப்பதே நல்லதோ என்று தோன்றுகிறது” என்று முடித்திருந்தார்.

வாய்மூட வேண்டியதில்லை. ஆனால் என்ன நேர்ந்தது என்பதை அறிந்துகொண்டு பழக வேண்டும்.

நம் மொழியில் ல, ள, ழ ஆகிய மூன்றும் நாவின் நுனி செய்யும் சிறிய வேறுபாட்டால் பிறப்பவை. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் பிறப்பியலில் இவற்றின் பிறப்பிடத்தை வகுத்துரைத்திருக்கிறார். லகரத்துக்கு நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு நா அவ்வாறே தடித்து அண்ணத்தை வருடும். ழகரத்துக்கு நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும். இன்று நாம் ஒலித்துப் பார்த்தால் வேறுபாட்டை இன்னும் எளிதாக உணரலாம். ளகரத்தில் நாநுனி அண்ணத்தில் படிகிறது. காற்று நாவின் இருபக்கங்களிலும் வழிந்து செல்கிறது. ழகரத்தில் நாநுனி அண்ணத்தை நெருங்குகிறது, ஆனால் அதில் ஒட்டிக்கொள்வதில்லை. காற்று நடுவழியே செல்கிறது.

இதை உறுதிசெய்துகொள்ள ஒரு வழி உண்டு. ‘ள்’ என்று சொல்லி, நாவை அசைக்காமல் அப்படியே நிறுத்தி, வாய்வழியே மூச்சை உள்ளிழுங்கள். நாவின் இரு ஓரங்களில் குளிர்ச்சி தோன்றும். ‘ழ்’ என்று சொல்லி அதே போல இழுத்தால் நாவின் நடுவில் குளிர்ச்சி தோன்றும். இரண்டிலும் ஓரத்திலேயே குளிர்ந்தால் ழகரம் ளகரமாகிவிட்டது என்று அறியலாம்.

மேல்வரிசைப் பொய்ப்பல் தொகுதி வெறும் பற்கள் மட்டுமன்று; அண்ணம் முழுவதையும் மூடும் தகடும் அதனோடு சேர்ந்தது. அத்தகடு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுடையது. எழுபது ஆண்டுகள் பழகிய நாவுக்கு அண்ணம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது தானாகவே தெரியும். தகடு வந்த பிறகு அண்ணம் தாழ்ந்துவிடுகிறது. ழகரத்துக்காக நெருங்கிச் செல்லும் நாநுனி, எதிர்பார்த்ததற்கு முன்பே தகட்டில் முட்டி நிற்கிறது. தொடாமல் நிற்க வேண்டிய ஒலி தொட்டுவிட்டதால் கழை களையாகிறது. நாவில் குறையொன்றும் இல்லை. பழைய அளவையே அது நம்பியிருக்கிறது. புதிய அளவை அதற்குக் கற்பிக்க நாநெகிழ்ப் பயிற்சி உதவும்.

நாநெகிழ்ப் பயிற்சி என்றவுடன் விரைவாகச் சொல்லி இடறி விழுந்து சிரிக்கும் விளையாட்டே பலருக்கும் நினைவுக்கு வரும். பயிற்சிக்கு அது தலைகீழாக வேண்டும். விரைவு கடைசியில் வருவது. பிழையோடு விரைந்து சொன்னால் பிழையே பழகும்.

செட்டிகுளத்து அன்பருக்கு எழுதி அனுப்பிய முறை இது. காலையில் 5 நிமிடம், மாலையில் விளக்கேற்றியபின் 5 நிமிடம். பொய்ப்பல்லை அணிந்துகொண்டே பழக வேண்டும். கழற்றிவிட்டுப் பழகினால் நா பழைய அளவையே கற்கும். முதலில் ஒரு வாய் தண்ணீர் பருகுக. முதுமையிலும் சில மருந்துகளாலும் வாய் உலர்ந்திருந்தால் நா தகட்டில் ஒட்டும்.

முதற்படி, சொல் மும்மைகள். வலி, வளி, வழி. கலை, களை, கழை. இவற்றை ஒவ்வொன்றாக, சொல்லுக்குச் சொல் மூச்சுவிட்டுச் சொல்ல வேண்டும். பிறகு குளவி, குழவி, வாளை, வாழை, தளை, தழை என்னும் இணைகள். ழகரம் வரும்போது நாநுனியைச் சற்றே தாழ்த்தி, தகட்டைத் தொடாமல் நிறுத்துக. தொட்டுவிட்டால் சொல்லை மீண்டும் தொடங்குக. ஒவ்வொரு வரிசையும் ஐந்து முறை போதும்.

இரண்டாம் படி, தொடர்கள். இவை அவருக்காகவே அமைத்தவை:

களையெடுத்த கழனியிலே கழை வளர்த்தான் கிழவன்.

குழவியின் குழலருகே குளவி சுழன்றது.

முதல் தொடரில் ள, ழ, ழ, ள, ழ என்று ஒலிகள் மாறிமாறி வருகின்றன. நா ஒருமுறை தொட்டு, இருமுறை தொடாமல் நின்று, மீண்டும் தொட வேண்டும். அந்த மாற்றமே பயிற்சி. தொடையில் விரலால் தட்டிக்கொண்டு, தட்டுக்கு ஓரெழுத்தாகச் சொல்லுக. மூன்று முறை தொடர்ந்து பிழையின்றி வந்தால் மட்டுமே தட்டின் வேகத்தைச் சிறிது கூட்டுக. எங்கே இடறுகிறதோ, அந்தச் சொல்லையும் அதற்கு முந்தைய சொல்லையும் மட்டும் பிரித்தெடுத்துப் பழகி, பிறகு தொடருக்குத் திரும்புக. பெரும்பாலும் இடறல் கடின ஒலியில் நிகழ்வதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இடத்திலேதான் நிகழ்கிறது.

மூன்றாம் படி, இரட்டித்த ஒற்றுகள். பாராயணத்தில் முதுமையால் தளர்வது ழகரம் மட்டுமன்று. வல்லின ஒற்று இரட்டிக்கும்போது நா அந்த இடத்தில் ஒரு கணம் அழுந்தி நின்று, பிறகே விடுபட வேண்டும். அழுத்தம் குறைந்தால் எட்டு என்பது எடு ஆகும். பாட்டு என்பது பாடு ஆகும். இதற்கு அவர் ஊரையே தொடராக்கினோம்: செட்டிகுளத்துக் குன்றேறித் தண்டாயுதனைக் கண்டு கற்கண்டு கொண்டு வந்தான். ‘ட்ட’ வரும்போது நிற்பதும், ‘ண்ட’ வரும்போது மூக்கொலியிலிருந்து நழுவாமல் இறங்குவதும் இதில் பழகும்.

திருப்புகழ் பாடுவோர்க்கு இந்த மூன்றாம் படி புதிதன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதரின் வண்ணப்பாக்கள் சந்தக்குழிப்பைக் கொண்டே நடப்பவை. தத்த என்றால் அங்கே வல்லின ஒற்று அழுந்தும். தந்த என்றால் மெல்லினமும் வல்லினமும் இணையும். தன்ன என்றால் மெல்லினம் இரட்டிக்கும். தய்ய என்றால் இடையினம் இரட்டிக்கும். சொற்களை ஒதுக்கிவைத்துச் சந்தத்தை மட்டும் பலமுறை சொல்லி, நா அவ்வழியில் ஓடத் தொடங்கிய பின்னரே பாட்டின் சொற்களை ஏற்றுவது நல்ல முறை. அப்போது நா எங்கே அழுந்த வேண்டும் என்பதை முன்னரே அறிந்திருக்கும்.

தகர வரிசை எழுத்துகளாலேயே அமைந்த கந்தரந்தாதிப் பாடலைப் பலர் நாப்பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். வாதில் வில்லிபுத்தூரார் பொருள் கூற இயலாமல் திகைத்து நின்றது அப்பாடலில்தான் என்பது வழிவழி வரும் செய்தி. அதைத் தொடக்கத்தில் எடுக்க வேண்டாம். ஒரே இடத்து ஒலி தொடர்ந்து வருவதால், சொற்கள் எங்கே பிரிகின்றன என்று தெரியாதவர் நாவைக் களைப்பாக்கிக்கொள்வாரே தவிர, தெளிவைப் பெறமாட்டார். உரையின் துணையோடு பதம் பிரித்து எழுதிவைத்து, ஒவ்வொரு பதத்தின் பொருளையும் அறிந்தபின், பதத்துக்குப் பதம் நிறுத்திச் சொன்னால் அதன் கடுமை பாதியாகக் குறையும்.

பயன் விளைகிறதா என்று எவ்வாறு அறிவது? சொல்பவரின் காது தம் குரலுக்குப் பழகிப்போயிருக்கும், அதை நம்பலாகாது. அன்பரிடம் பத்துத் துண்டுத்தாள்களில் களை, கழை, குளவி, குழவி போன்ற சொற்களை எழுதிக் கலைத்து வைக்கச் சொன்னோம். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்க, பேரப்பிள்ளை முதுகைக் காட்டி அமர்ந்து, கேட்ட சொல்லை எழுத வேண்டும். முதல் நாள் பத்தில் ஐந்துதான் சரியாக இருந்தது. இரண்டு சொற்களில் ஒன்றைக் குத்துமதிப்பாகச் சொன்னாலும் ஐந்து வரும். ஆகவே அது வேறுபாடே கேட்கவில்லை என்பதற்குச் சமம். நான்காம் வாரத்தில் ஒன்பது சரியாயிற்று.

ஆயினும் ஒன்று மாறவில்லை. ‘ஸ்கந்த’ என்னும்போது சீழ்க்கை போன்ற ஒலி கலந்து வந்தது. சகர, ஸகர ஒலிகள் முன்பற்களுக்கும் நாவுக்கும் இடையேயுள்ள மெல்லிய இடைவெளியைச் சார்ந்தவை. அந்த இடைவெளி பல்வரிசையின் அமைப்பால் தவறியிருந்தால் நா எவ்வளவு பழகினாலும் சீழ்க்கை போகாது. பல் மருத்துவரிடம் சென்று தொகுதியைச் சீர்செய்த பிறகே அது நீங்கியது. பேசும்போது தொகுதி இடம்பெயர்ந்து ‘டக்’ என்று ஒலித்தாலோ, ஈறு புண்ணாகியிருந்தாலோ அதுவும் மருத்துவர் சரிசெய்ய வேண்டியதே. புண் ஆறும்வரை பயிற்சியை நிறுத்தி வைக்கவும்.

சிறுவயது முதலே ழகரத்தை ளகரமாகவோ யகரமாகவோ வழங்கும் பகுதிகளில் வளர்ந்தவர்களுக்கு நான்கு வாரங்கள் போதா. அவர்கள் முதலில் காதால் வேறுபாட்டைப் பிரித்தறியப் பழக வேண்டும். வேறொருவர் துண்டுத்தாளைப் படிக்கத் தாம் எழுதிப் பார்ப்பது அதற்கு வழி.

இறுதியாக, மறவாமல் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்று. நேற்றுவரை தெளிவாகப் பேசியவருக்கு இன்று திடீரென்று நா குழறினால், முகம் ஒருபுறம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், அது பயிற்சிக்குரிய செய்தியன்று; மூளையின் இரத்த ஓட்டம் தடைப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். சற்று நேரத்தில் சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும் காத்திராமல் 108க்கு அழைத்து உடனே மருத்துவமனை செல்க. பல வாரங்களாகச் சிறிது சிறிதாகக் குழறல் கூடி, விழுங்கும்போது புரையேறுவதும் சேர்ந்தால், மருத்துவரைக் கண்டு பேச்சுப் பயிற்சி வல்லுநரின் வழிகாட்டலைப் பெறுக. நாநெகிழ்ப் பயிற்சி பழக்கம் தவறிய நாவுக்கு உரியது. நோயுற்ற நாவுக்கு மருத்துவமே முதலில் வர வேண்டும்.